அம்பு காட்டிய பக்கம்

எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவருடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஸ்கேல் அக்கா என்றால் வாட்ச்மேன்கூடக் கை காட்டுவார். கணினித் திரையில் வரிகள் நேராக இருக்கின்றனவா என்று ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்ப்பது அக்காவின் பழக்கம். கணினியே அளந்து சொல்லும் என்று முதலாளி பல முறை சொல்லிவிட்டார். "அது சொல்றது அதோட கணக்கு சார், என் கண்ணுக்கு ஒரு கணக்கு வேணும்ல" என்பார். இரண்டு திரைகள் கீறல் விழுந்து வீணானதும் அந்தக் கணக்கால்தான்.

மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கும் கம்பெனியில் தொடங்கி இங்கே வந்தவர். எழுதத் தெரியாத மொழிகளையெல்லாம் அழகாகப் பக்கத்தில் உட்கார வைப்பார். மனிதர்களோடு பேசுவதுதான் அவருக்கு ஆகாது. போன் அடித்தால் என் மேஜைப் பக்கம் தள்ளிவிடுவார். புது ஆள் உள்ளே வந்தால் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். பஸ் ஓட்டும் அவருடைய கணவர் என்னிடம் ஒருமுறை, "எங்க கல்யாணத்துக்கு வந்தவங்க பொண்ணு ஊமையான்னு கேட்டாங்க" என்றார். அக்கா அதையும் மறுத்துப் பேசவில்லை.

வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் தங்கும் விடுதி ஒன்று எங்கள் வாடிக்கையாளர். தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் நோட்டீஸ், அங்கே தளத்துக்கு ஒன்றாகச் சுவரில் இருந்தது. மேலாளர் அதை போனில் படம் பிடித்து அனுப்பி, அரபியில் வேண்டும் என்றார். கோணலான படம், நடுவில் பளிச்சென்று விளக்கு வெளிச்சம். அக்கா நோட்டீஸை மட்டும் வெட்டியெடுத்து நிமிர்த்தினார். எழுத்தை அழித்தார். அரபி வலமிருந்து இடமாக ஓடும் மொழி. மணியை அடி, லிஃப்டைத் தொடாதே, முற்றத்தில் கூடு என்ற மூன்று படங்களும் வலப்பக்கத்திலிருந்து தொடங்கினால்தான் படிப்பவருக்கு ஒழுங்காக வரும். எனவே பக்கத்தையே ஒரே அடியாகக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பினார். அதன் மேல் அரபி எழுத்தையும் அரபி எண்களையும் அமர்த்தினார். மொழிபெயர்த்தவர் வார்த்தைகளைச் சரிபார்த்தார், ஒரு குறையும் இல்லை. நோட்டீஸ் சுவரில் ஏறியது. மேலாளர் பாராட்டி அனுப்பிய செய்தியை அக்கா எனக்கு இரண்டு தடவை காட்டினார்.

சில வாரம் கழித்து அதே மேலாளரிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. துருக்கிக் குடும்பங்கள் நிறைய வந்துவிட்டன, அதே நோட்டீஸ் துருக்கி மொழியில் வேண்டும்.

"அரபி ஃபைல்தான் இருக்கே, எழுத்தை மட்டும் மாத்திக் குடுத்துடும்மா. மத்தியானத்துக்குள்ள அனுப்பிடலாம்" என்றார் முதலாளி. அவருக்கு எல்லாமே மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.

எழுத்தை மட்டும் மாற்றினால் போதவில்லை. துருக்கிக்கு லத்தீன் எழுத்து, இடமிருந்து வலம். அக்கா அரபி வரிகளை நீக்கி, பக்கத்தைப் பழையபடி திருப்பினார். எண்கள் நமக்குப் பழக்கமான 1, 2, 3 ஆயின. தலைப்புக்கு வைத்திருந்த ஃபான்ட்டில் வால் வைத்த 'ş' எழுத்தே இல்லை, அந்த இடத்தில் வெறும் கட்டம் நின்றது. ஃபான்ட்டை மாற்றினார். அரபியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. அதனால் தலைப்பைத் தடிமனாக்கிச் சமாளித்திருந்தார். இங்கே முழுவதும் பெரிய எழுத்தாக்கினார். சரிபார்க்க அனுப்பியதும், மொழிபெயர்க்கும் துருக்கி டீச்சரிடமிருந்து எனக்கு போன்.

"கணினி 'i'யைப் பெரிசாக்குறப்போ புள்ளியைத் தின்னுடுச்சு. எங்களுக்குப் புள்ளி வெச்சது ஒண்ணு, வெக்காதது வேற ஒண்ணு. திரும்ப வெக்கச் சொல்லுங்க."

அக்கா புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தார். "வார்த்தைக்கு வால், அந்த வாலுக்கும் ஒரு வால், நம்ம தமிழ் மாதிரியே இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே, பெட்டிக்கு வெளியே நீண்ட வரிகளை இரண்டாக மடக்கினார்.

கடைசியில் துருக்கிப் பக்கத்தை மூலப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தார். தலைப்பின்மேல் தலைப்பு, படத்தின்மேல் படம். "பாரேன், உறை போட்ட மாதிரி உக்காந்துடுச்சு" என்று சிரித்தார். கீழே படிக்கட்டைக் காட்டும் பெரிய அம்பும் அம்பின்மேல் பொருந்தி, இடப்பக்கம் பார்த்தது.

சிரிப்பு அப்படியே நின்றது.

"இது இங்க சரியாப் பொருந்துதுன்னா, அரபியில எந்தப் பக்கம் பாக்குது?"

எனக்குப் புரியவில்லை. அவர் வெட்டாத முழுப் படத்தைத் திறந்தார். நோட்டீஸுக்கு இடப்பக்க ஓரத்தில் படிக்கட்டுக் கதவின் கைப்பிடி தெரிந்தது. அரபிப் பக்கத்தைத் திறந்தார். அம்பு வலப்பக்கம் காட்டியது. அப்போதும் அதை மூலத்தின்மேல் வைத்துப் பார்த்திருப்பார்தான். ஆனால் அங்கே எல்லாமே எதிர்ப்பக்கம் இருந்ததால் எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

"படம் எல்லாம் மொழிக்கு ஏத்த மாதிரி திரும்பணும். அம்பு திரும்பக் கூடாது. படிக்கட்டு அரபி பேசுறவங்களுக்காக இடம் மாறுமா?" என்றார். ஸ்கேல் கையிலிருந்து விழுந்தது. 

முதலாளி மென்று விழுங்கினார். "இப்போ துருக்கியை அனுப்புவோம். அரபியைப் புதுசாப் பண்ணி, மெருகு ஏத்தினோம்னு சொல்லி அடுத்த வாரம் குடுத்துக்கலாம். விஷயம் வெளியே வந்தா இந்த வாடிக்கையே போயிடும்மா."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பயந்தவர். அக்கா அவரைவிடப் பயந்தவர். ஆனால் அன்று என் மேஜை போனைத் தானே எடுத்து, மேலாளரின் எண்ணை அழுத்தினார்.

"நான்தான் நோட்டீஸ் பண்ணினவ. அரபியில அம்பு தப்பு. என் தப்புதான். இப்பவே கழட்டிடுங்க, புதுசை நானே எடுத்துட்டு வர்றேன்."

முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

அரபியில் அம்பைத் திருத்தி, துருக்கியையும் சேர்த்து அச்செடுத்துக்கொண்டு அக்கா கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். மேலாளர் கோபப்படக்கூடத் தோன்றாமல் எங்களோடு ஓடியோடி ஒட்டினார். இரண்டாம் தளத்தில் ஒரு பெண் கதவைத் திறந்து, புதிதாக ஒட்டிய துருக்கி நோட்டீஸைப் பார்த்துக் குழம்பினாள். இடுப்பில் ஒரு குழந்தை, பின்னால் இரண்டு. அக்கா அவளிடம் பக்கத்திலிருந்த அரபி நோட்டீஸைக் காட்டினார். தீப்பிடித்தால் எப்படி ஓடுவது என்று கேட்கிறோம் என நினைத்தாளோ என்னவோ, அவள் முகம் மலர்ந்தது. பிள்ளைகளைப் பார்த்து ஏதோ சொல்லிக் கைதட்டினாள். இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, விடுவிடுவென்று ஓடின. எவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள்! வலப்பக்கமாக ஓடி, பூட்டிக் கிடந்த சாமான் அறைக் கதவில் போய் நின்று, பாராட்டுக்காக எங்களைத் திரும்பிப் பார்த்தன.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன், அவர் அழவில்லை. நேரே போய்ப் பிள்ளைகள் இருவரையும் கைக்கு ஒருவராகப் பிடித்து, தானும் குனிந்து, இடப்பக்கம் படிக்கட்டுவரை ஓடினார். திரும்பி வந்து மறுபடி ஓடினார். மூன்றாம் தடவை அந்தத் தாயும் சேர்ந்து ஓடினாள்.

பிறகு அக்கா அடுத்த கதவைத் தட்டினார்.

"அக்கா, நோட்டீஸ்தான் மாத்தியாச்சே" என்றேன்.

"பழசு அவங்க கால்ல ஏறிப்போச்சுடி. அது பேப்பரை மாத்தினா போகாது."

யாரிடமும் வாய் திறக்காத ஸ்கேல் அக்கா, அன்று அந்தக் கட்டடத்தில் ஒரு கதவையும் விடவில்லை. அரபிக்காரர், துருக்கிக்காரர் என்று பார்க்காமல் தமிழிலேயே, "வாங்கம்மா, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார். எல்லாரும் அவர் பின்னால் படியிறங்கினார்கள்.