ஒரு படம் மட்டும் அடிபடாமல்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் விலங்கியல் தாள் முடிந்த மதியம், திருவொற்றியூரில் எங்கள் பள்ளி வாசலில் அவள் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். என்னிடம் விலங்கியல் படிக்கும் காத்திவாக்கத்துப் பெண். அம்மா மீன் விற்கிறவள். நான் வேறு பள்ளியில் அறைக் கண்காணிப்பு முடித்து, வெயிலில் வெந்து, பஸ்ஸில் நசுங்கி வந்திருந்தேன். இவளோ வெள்ளரிக்காய்த் துண்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எப்படிடி எழுதின?"

"சூப்பரா அட்ச்சிட்டேன் மிஸ்."

"எதை?"

"அல்லாத்தியும். மொத பக்கத்துலேர்ந்து கடேசி வரிக்கும்."

எனக்குப் புரியவில்லை. தமாஷ் பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் நிதானமாக விளக்கினாள். பன்னிரண்டே முக்காலுக்கு எண்ணிப் பார்த்திருக்கிறாள். இரண்டு ஐந்து மதிப்பெண் கேள்விகள் சரியாக வரவில்லை. மொத்தமே முப்பத்தெட்டுதான் தேறும் என்று தெரிந்திருக்கிறது. நர்சிங் படிக்க அது போதாது. உடனே ஸ்கேலை வைத்து, எழுதிய விடை ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் ஒரு குறுக்குக்கோடு. பக்கத்தில் 'என்னால் அடிக்கப்பட்டது'. எழுதாமல் மிச்சமிருந்த பக்கங்களுக்கும் வழக்கம் போலக் கோடு.

"நீங்க சொல்லிக்குடுத்த மாரியே நீட்டா அட்ச்சேன் மிஸ். கிறுக்கல, ஒய்ட்னர் வெக்கல."

அடிப்பாவி! சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். எங்கள் பெண்கள் ஒரு வார்த்தை தப்பானால் அதைக் கறுப்பாக்கித் தாளையே ஓட்டை போட்டுவிடுவார்கள். அதனால் வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துவேன். தப்பென்றால் ஒரே கோடு, பிறகு கீழே புதிதாக எழுது. எழுத்துக்கு நீலம் அல்லது கறுப்புப் பேனா, படத்துக்குப் பென்சில். கலர் பென்சில் கூடாது. பேனாவில் படம் வரைந்தவளைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். அந்த விஷயத்தில் நான் பொல்லாதவள்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எழுதிய விடைகள் எல்லாவற்றையும் தானே அடித்துவிட்டால், அது ஒழுங்கீனம். காப்பி அடித்தவளோடு சேர்த்து வைப்பார்கள். முடிவை நிறுத்திவைப்பார்கள், அடுத்த இரண்டு தேர்வும் எழுத விட மாட்டார்கள். சுற்றறிக்கையில் வருஷா வருஷம் வருகிறது. வகுப்பில் வாசிக்கும்போது மொபைல் கூடாது, துண்டுச்சீட்டு கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். எந்தப் பைத்தியக்காரி மூன்று மணி நேரம் எழுதியதைத் தானே அடிப்பாள் என்ற தைரியம்.

"ஏண்டி, யாருடி உனக்கு இந்த யோசனை கொடுத்தது?"

"நீங்கதான மிஸ்? கம்மி மார்க்குல பாஸானா அதான் கடேசி வரிக்கும் நிக்கும், அதுக்கு ஃபெயிலாயிட்டு ஜூலை மறுதேர்வுல ஒயுங்கா எய்தலாம்னு?"

சொல்லியிருக்கிறேன். பிப்ரவரியில், திருப்புதல் தேர்வுத் தாள்களை மேசையில் வீசிய கோபத்தில். திட்டுகிறவள் எல்லாவற்றையும் யோசித்தா திட்டுகிறாள்? இவள் அதைப் பாடம் மாதிரி பிடித்துக்கொண்டாள்.

விதியைச் சொன்னேன். வெள்ளரிக்காய் கையிலேயே நின்றது.

"ஜூலையில எய்த முடியாதா மிஸ்?"

"ஜூலையும் கிடையாது, அடுத்த மார்ச்சும் கிடையாது."

"அய்யய்யோ, எங்கம்மா கொன்னுடும் மிஸ்."

வினாத்தாளைப் பிடுங்கி, அவளை வகுப்பறைக்கு இழுத்துப்போய் உட்காரவைத்தேன். எல்லாவற்றையும் அடித்தால்தான் அந்த விதி. ஒன்றையாவது விட்டிருந்தால் அந்த ஒன்றுக்கு மார்க் போடுவார்கள். வெறும் ஃபெயில்தான், ஜூலையில் எழுதலாம். ஒவ்வொரு கேள்வியாக விரலை வைத்துக் கேட்டேன். ஒரு மார்க் பதினைந்தும்? அடித்திருந்தாள். இரண்டு மார்க்? அடித்திருந்தாள். என் விரல் இறங்க இறங்க அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது.

"மூணு மார்க்ல கருமுட்டை படம்?"

அவள் பெஞ்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"சொல்லித் தொலையேன்டி!"

"அத்த அடிக்கல மிஸ். பென்சில சீவிச் சீவி வரைஞ்சது. வட்டம் அவ்ளோ கரீட்டா வந்துச்சி. பாகமெல்லாம் குறிச்சிட்டேன். மன்சு வர்ல."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரு படத்துக்காக நான் அப்படி அழுததில்லை.

அழுகை அடங்கியதும் இன்னொன்று உறுத்தியது. மற்ற விடைகளை அப்படியே சொல்லச் சொல்லி, கறாராக மார்க் போட்டேன். அவள் கணக்குச் சரி, எழுபதுக்கு முப்பத்தெட்டு.

"இதோட செய்முறை இருபது, அகமதிப்பீடு பத்து. ரெண்டும் முழுசா உனக்கு வந்திருக்குமேடி. அறுபத்தெட்டு!"

அவள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். அந்த முப்பதை அவள் கூட்டவே இல்லை. தேர்வு அறைக்குள் எழுதுவது மட்டும்தான் மார்க் என்று நினைத்திருக்கிறாள். செய்முறைத் தேர்வு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்ததால் மறந்தேபோயிருக்கிறது.

விடைத்தாள் திருத்தப் போகிற மூத்த ஆசிரியர் ஒருவருக்குப் பேர் சொல்லாமல் போன் செய்து கேட்டேன். "திருத்துறவர் ஒவ்வொரு பக்கமாப் பொறுமையாப் புரட்டினா படம் கண்ணுல படும் மேடம். மேலோட்டமாப் பாத்துட்டு, எல்லாம் அடிச்சிருக்குன்னு திருத்துற முகாமோட அலுவலர்கிட்ட கொடுத்துட்டா, போச்சு" என்றார். அந்தப் படம் யார் கைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் என் காலில் விழுந்தாள். நானும் சொல்லவில்லை. அவளுக்காக மட்டும்தான் சொல்லவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய்.

மே மாதம் முடிவு வந்த காலையில் அம்மாவும் மகளும் பள்ளிக்கு வந்தார்கள். அவசரத்தில் என் போனில் பிறந்த தேதியை இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். மற்ற பாடங்கள் எல்லாம் நல்ல மார்க். விலங்கியல் எழுத்துத் தேர்வில் மூன்று. ஃபெயில். நிறுத்திவைக்கப்படவில்லை!

"அப்பாடா!" என்று கத்திவிட்டேன். அவள் குதித்தாள். யாரோ ஒரு புண்ணியவான் பக்கம் பக்கமாகப் புரட்டி, கருமுட்டைக்கு மூன்றுக்கு மூன்று போட்டிருக்கிறார்.

அம்மா மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது? மூணு மார்க்குன்னு வந்துகீது. டீச்சரு நீயும் சிரிக்கற, இவளும் குதிக்கறா?"

இனி மறைக்க முடியாது. முழுவதையும் சொன்னேன்.

"அடிக்காம வுட்டிருந்தா எவ்ளோ வந்திருக்கும்?"

"அறுபத்தெட்டு."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"நான் பத்தாவதுல மூணு தபா எய்தி, முப்பத்தஞ்சு வாங்கி பாஸானேன். அன்னிக்கு எங்கப்பா தெரு முச்சூடும் முட்டாய் குட்த்தாரு. அறுவத்தெட்டு வாங்கறதுக்கு ஃபெயிலாவறதே மேலுன்னு எம்பொண்ணுக்கு எந்தப் பாவி சொன்னது?"

அவள் உண்மையாகவே கேட்டாள். யாரென்று அவளுக்குத் தெரியாது. அந்த ஒன்றை மட்டும் நான் விட்டுவிட்டுத்தான் சொல்லியிருந்தேன். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, "கூட பட்ச்ச பொண்ணுமா" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.