பாலாற்றுப் பாலத்தில் சொன்ன நம்பர்

தெற்கேயிருந்து வருகிற பகல் ரயிலில் செங்கல்பட்டில் இறங்குகிறவர்களுக்குப் பாலாற்றுப் பாலம்தான் மணி. பாலம் தடதடத்ததும் மேலே இருக்கிற பைகள் இறங்கும். பைகளோடு பாசமும் இறங்கும். அதுவரை ஜன்னல் ஓரத்துக்காக முறைத்துக்கொண்டு வந்தவர்கள்கூட, "அடடா, பேசிக்கிட்டே வந்ததுல நேரம் போனதே தெரியல" என்பார்கள். "நம்ம பக்கம் வந்தா அவசியம் வூட்டுக்கு வரணும்" என்பார்கள். வீடு எந்தத் தெருவில் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆறு கடக்கிறவரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்று பெரியவர்கள் சொன்னது பழைய கணக்கு. இப்போது ஆற்றைக் கடக்கும்போதுதான் அண்ணன் தம்பியே ஆகிறார்கள், அதுவும் போனில்.

இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒருவர், "உங்க நம்பர் சொல்லுங்க" என்பார். மற்றவர் இரண்டிரண்டு எண்ணாகச் சொல்வார். கேட்டவர் ஐந்தைந்தாகத் திருப்பிச் சொல்லிக் குழப்புவார். பிறகு, "ஒரு மிஸ்டு கால் குடுக்குறேன், சேவ் பண்ணிக்கோங்க." இரண்டு மணி அடித்ததும் வெட்டிவிட வேண்டும், மூன்றாவது அடிக்க விடுவது மரியாதை இல்லை. ஆறு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரின் பெயர் அப்போதுதான் நினைவுக்கு வரும், கேட்கக் கூச்சமாக இருக்கும். "ட்ரெயின் அண்ணன்", "ட்ரெயின் மதுரை சார்" என்று ஏதாவது ஒன்றைப் போட்டு வைப்பார்கள். மறுநாள் முதல் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் வரும்.

எனக்கு இதெல்லாம் பிடிக்காது. பிடிக்காததற்குக் காரணமும் உண்டு. எங்கள் ஊர், கம்பெனிகளாக நிறைந்துவிட்ட ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகால் பக்கம். எங்கள் அப்பா நெல் நட்ட இடத்தில் இப்போது ஒரு கம்பெனியின் கார்கள் நிற்கின்றன. நான் பக்கத்திலேயே இன்னொரு கம்பெனியில் கார் சீட் தைத்துப் பொருத்துகிற லைனுக்கு சூப்பர்வைசர். ரயிலில் எவனாவது "எந்த ஊரு?" என்று கேட்டு, நான் ஒரகடம் என்று சொல்லிவிட்டால் போதும், "நம்ம மச்சான் டிப்ளமோ முடிச்சிட்டு சும்மாதான் இருக்கான்" என்று ஆரம்பித்துவிடுவான். யாரோ ஒருவருடைய மச்சானுக்கு வேலை வாங்கித் தருவதற்கா நான் டிக்கெட் எடுத்தேன்?

அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். நம்பர் கேட்டால் முகம் கோணாமல் சொல்வேன். ஒன்பது எண் சரியாக இருக்கும். பத்தாவதில் மட்டும் ஒன்றைக் கூட்டிவிடுவேன். மிஸ்டு கால் கொடுத்தால் அவர்கள் காதில் மணி கேட்கும், அதனால் சந்தேகம் வராது. என் போன் சட்டைப்பையில் ஊமையாக இருக்கும். "வந்துடுச்சு, வந்துடுச்சு. சைலண்ட்ல போட்டுக்கிறேன்" என்று பையைத் தட்டிக் காட்டுவேன். மூன்று வருடமாக ஒருவரும் என்னைப் பிடித்ததில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த முறை மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினேன். எதிரே தென்காசிப் பக்கத்துக்காரர் ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பார். நடுராத்திரியே பஸ் பிடித்து மதுரைக்கு வந்து ரயில் ஏறியிருக்கிறார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரு ஃபாரம். திண்டுக்கல் தாண்டுவதற்குள் அவர் கதை முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. மகள் செல்போன் செய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், எங்கள் ஒரகடம் பக்கத்திலேயே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். ஹாஸ்டலில் உள்ளூர் ஆள் ஒருவருடைய பெயரும் நம்பரும் கேட்கிறார்கள்.

"பிள்ளைக்கு ஒண்ணுன்னா அந்த ஆளு வந்து கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய விடுவாகளாம் தம்பி. நான் ஊருல இருந்து வாரதுக்கு ஒரு நாளு ஆவும்லா. எனக்கு இங்கன யாரத் தெரியும்?" என்றார்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வேலை கேட்பவனையாவது சமாளித்துவிடலாம். இவர் பெண்ணையே அல்லவா என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எரிச்சல் வந்தது. முன்பின் தெரியாத பெண்ணுக்கு நாளைக்கு ஏதாவது ஆனால் போலீஸ் என் வீட்டுக்கல்லவா வரும்? அவர் கொடுத்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே இப்படியெல்லாம் யோசித்தேன். மிளகாய்ப்பொடி நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாலாற்றுப் பாலம் வந்தது. "தம்பி, உங்க நம்பர எழுதிக்கிடட்டா? கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன். ஃபாரத்துக்கு மட்டும்தான்" என்றார்.

"அட, இன்னாங்க இது. எழுதிக்கோங்க" என்றேன். பெயரை உண்மையாகவே சொன்னேன். எங்கள் கம்பெனியில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் அந்தப் பேர்க்காரன் ஒருவன் மேல்தான் விழும், அதனால் பயமில்லை. நம்பரில் பத்தாவது எண்ணை மட்டும் வழக்கம்போல் மாற்றினேன். அவர் ஃபாரத்தில் பேனாவால் அழுத்தி அழுத்தி எழுதினார். உறவுமுறை என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே "மாமா" என்று போட்டார். பிறகு மிஸ்டு கால் கொடுத்தார். நான் பையைத் தட்டினேன்.

"போயிட்டு வாரேன் தம்பி. பெரிய ஒத்தாசை" என்று கைகூப்பினார். "இதுல இன்னா இருக்குது. எதுனாலும் கூப்புடுங்க" என்றேன் நான், கூசாமல்.

அதோடு பிரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செங்கல்பட்டில் இறங்கினால் அவரும் நானும் ஒரே மின்சார ரயிலுக்குத்தான் போக வேண்டும், ஒரே சிங்கப்பெருமாள் கோவிலில்தான் இறங்க வேண்டும், ஒரே ஷேர் ஆட்டோவில்தான் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். விடைபெற்ற பிறகு விடைபெற்றவரோடு பயணம் செய்வதைப் போன்ற அவஸ்தை வேறில்லை. "எனக்கு இங்க சொந்தக்காரங்க வூடு ஒண்ணு கீது, பாத்துட்டு வரேன்" என்று புளுகிவிட்டு, பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் ஏறிப் போனார். அடுத்த வண்டிக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் காய்ந்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். காலை ஷிப்டில் எங்கள் லைனில் இரண்டு பேர் லீவு. அன்றைக்கென்று பார்த்து, ஸ்டிட்சிங்கில் இருக்கிற ஒருவன் வந்து தலையைச் சொறிந்தான். "சார், ஒரு பர்மிஷன் வோணும். பொண்ணு ஒண்ணுக்கு மஞ்சக்காமாலை. ஹாஸ்டல்ல கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு கூட்டிகினு போவணும்."

"லைன்ல ஆளே இல்ல, அதெல்லாம் முடியாது" என்றேன். பிறகுதான் உறைத்தது. "உனக்கு ரெண்டும் பையன்தானேடா. பொண்ணு ஏது?"

"அது பெரிய கதை சார். மூணு வருசமா எவனோ ஒருத்தன் ரயில்ல போறவங்களுக்கெல்லாம் என் நம்பர குடுத்துகினு கீறான். தெனம் காலைல நாப்பது குட் மார்னிங் வருது. ஒருத்தரு கல்யாணத்துக்கு வரலன்னு சண்டைக்கு வந்தாரு. தூத்துக்குடியிலேர்ந்து ஒருத்தரு பனங்கெழங்கு அனுப்பிச்சாரு. கேன்டீன்ல நீங்ககூட துன்னீங்களே சார்."

தின்றேன். இரண்டு தின்றேன்.

"அப்படித்தான் இந்தப் பெரியவரும். ரெண்டு மாசம் முன்னாடி மிஸ்டு கால் வந்துது. திருப்பிப் போட்டேன். ரயில்ல வந்த தம்பியான்னாரு. நான் இல்லைங்கன்னு சொன்னேன். அப்பறம், ஃபாரத்த இப்பத்தான் குடுத்துட்டு வெளிய வந்தேன், போயி மாத்திட்டு வாரேன் தம்பின்னாரு. மாத்தி யாரப் போடுவாரு? இருக்கட்டுங்க, எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும்னுட்டேன். ஞாயித்துக்கெழமைல என் வூட்டுக்காரி போயி அந்தப் பொண்ணப் பாத்துட்டு வரும்." மறுபடி தலையைச் சொறிந்தான். "உங்க பேருதான் சார் சொன்னாரு. நம்ம பிளான்ட்ல அந்தப் பேருல பன்னெண்டு பேரு கீறாங்க."

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் கம்பெனி கேட்டுக்கு வெளியே ஒருவன் குடை நட்டு சிம் கார்டு விற்றான். ஷிப்ட் விட்டு வந்தவர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று வாங்கினோம். ஒரே கட்டிலிருந்து வரிசையாக எடுத்துக் கொடுத்தான். எனக்குப் பின்னால் நின்றவன் இவன், என் நம்பருக்கு அடுத்த நம்பர் இவனுடையது. என் சாமர்த்தியம் எங்கே போய் விழுந்திருக்கிறது பாருங்கள். எங்கோ காசிக்குப் போகிற தொல்லை என்று நினைத்து, எட்டடி தூரத்தில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தவன் தலையில் மூன்று வருடமாகக் கொட்டியிருக்கிறேன்.

கேட் பாஸில் கையெழுத்துப் போட்டேன். அவன் இடத்தில் நானே உட்கார்ந்து தைத்தேன். கோணலாகத்தான் வந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்லவில்லை. சூப்பர்வைசர் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

ஐந்தாம் நாள் ஷிப்ட் விடுகிற நேரத்தில் அவன் ஓடி வந்தான். "சார், அந்தப் பெரியவரு பொண்ண ஊருக்கு கூட்டிகினு போறாரு. பர்மிஷன் குடுத்த சாரப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் போவாராம். கேட்டாண்ட நிக்கிறாரு."

வேறு வழியாகப் போய்விடலாமா என்று பார்த்தேன். எங்கள் கம்பெனிக்கு இருப்பது ஒரே கேட். தூண்கூட இல்லை.

பெண் மெலிந்து, கண் இன்னும் மஞ்சளாக, வேப்பமர நிழலில் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பெரியவர் கூப்ப எடுத்த கையைப் பாதியில் நிறுத்தினார். நிறுத்தி, பிறகு முழுவதுமாகவே கூப்பினார்.

"நல்லா இருக்கியளா தம்பி? செங்கல்பட்டுல சொந்தக்காரவுக எல்லாரும் சௌக்கியமா?"

பக்கத்தில் நின்றவன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்காதீர்கள். வாயில் வந்தது வேறு.

"ஐயா, என் நம்பரச் சொல்றேன், இப்ப எழுதிக்கோங்க" என்று போனை வெளியே எடுத்தேன். "மிஸ்டு கால் குடுத்துப் பாருங்க. அடிக்கும்." பொய் சொல்லிப் பழகியவன் உண்மையைச் சொல்லும்போது எவ்வளவு கெஞ்ச வேண்டியிருக்கிறது! இரண்டிரண்டாக ஆரம்பித்தும்விட்டேன்.

அவர் பெண்ணின் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். ஸ்டிட்சிங்காரனின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இருக்கட்டும் தம்பி, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்றார். "பிள்ளையோட மாமா நம்பரு எங்கிட்ட இருக்கு."

ஷேர் ஆட்டோ வந்தது. மூன்று பேரும் ஏறிப் போனார்கள்.