யாருக்கும் யாருக்கும் போட்டி

வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிகளில் அவளுக்கு 'எத்தனை மேடம்' என்று பெயர் விழுந்திருந்தது. ஃபோனை எடுத்ததும் எத்தனை பேர், எத்தனை வண்டி, எத்தனை மணி நேரம் என்று ஆரம்பித்துவிடுவாள். நல்ல வேலைக்காரி, ஆனால் வாயைக் கட்டமாட்டாள் என்று அவர்களுக்குள் பேச்சு.

அவள் டிஸ்பாட்ச் பிளானர். எந்த மருந்துப் பெட்டி எந்த வண்டியில் எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று காலையிலேயே வழி போட்டுத் தருகிற வேலை. பதினோரு வருஷம் ஒரே கம்பெனியில் தலைநிமிர்ந்து செய்தாள். அது கைமாறியபோது, 'வேகமான பணிச்சூழலில் துடிப்புடன் செயல்பட வேண்டும்' என்ற விளம்பரத்தைப் பார்த்து வேறொன்றில் சேர்ந்தாள். துடிப்புக்கு நமக்கென்ன குறைச்சல் என்று அப்போது நினைத்தாள்.

போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, மூன்று நாற்காலிக்கு அவள் ஒருத்தி. நின்றுகொண்டே சாப்பிட்டாள். பாத்ரூமுக்கும் ஃபோனோடு போனாள். ஏழாவது மாதம் ஒரு சனிக்கிழமை இன்சுலின் பெட்டிகள் ஏற்றிய வண்டியை, ஒரே பெயரில் இருந்த இரண்டு கிளினிக்குகளில் தவறான ஒன்றுக்கு அனுப்பிவிட்டாள். பூட்டிக் கிடந்த கிளினிக்கின் வராந்தாவில் வெயிலில் கிடந்த மருந்தைத் திங்கட்கிழமை குப்பையில்தான் கொட்ட முடிந்தது. யாருக்கும் ஆபத்தில்லை. ஆனாலும் அவளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்விகள்.

"ஃபாஸ்ட் பேஸ்டுன்னு போட்டிருக்கீங்களே, அப்படின்னா என்ன?" என்று கேட்பாள்.

"டைனமிக்கா இருக்கும் மேடம்."

"டைனமிக்னா?"

"எனர்ஜெட்டிக்கான டீம் மேடம்."

"டீம்ல எத்தனை பேர்? ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டர்? இதுக்கு முன்னாடி இருந்தவர் ஏன் போனார்?"

"லைன்ல இருங்க" என்பார்கள். லைன் அறுந்துபோகும். ஒருவன் மட்டும், "மேடம், வேலை வேணுமா வேணாமா?" என்று நேராகவே கேட்டான்.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். ஃபோன் அடித்தால் பால்கனிக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே பேசினாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தான்.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இவ்வளவு கேட்டியா?" என்றான் ஒருநாள், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே.

"கேட்டிருக்கணும்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். ஆனால் கதவைச் சாத்தும்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்த வாரம் ஒரு புது ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அவளே வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வழக்கமான வாசகங்களை ஒப்பித்தாள்: வேகமான பணிச்சூழல், காம்பெடிட்டிவ் சம்பளம்.

"காம்பெடிட்டிவ்னா யாருக்கும் யாருக்கும்மா போட்டி?"

"உண்மையைச் சொல்லட்டுமா மேடம்? எனக்குத் தெரியாது. பழைய விளம்பரத்துல இருந்து எடுத்து ஒட்டினதுதான்" என்றாள் அந்தப் பெண்.

எத்தனை மேடத்துக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. "அப்ப கேட்டுச் சொல்லும்மா. அவங்க ஒதுக்கி வச்சிருக்கிற சம்பளம் எதுலேர்ந்து எது வரைக்கும், அதுல இன்சென்டிவ் சேர்ந்திருக்கா, இந்த ஒரு வருஷத்துல அந்த இடத்துல எத்தனை பேர் மாறினாங்க. இது மூணு போதும்."

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எட்டு மாதத்தில் மூன்று பேர் மாறியிருந்தார்கள். சம்பளம் என்று சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு இன்சென்டிவ். அதை இதுவரை யாரும் முழுசாக வாங்கியதில்லை. அவள் வேண்டாம் என்றாள்.

அன்று மாலை வீட்டில் வெடித்தது.

"உள்ள போய்ப் பார்த்தாத்தானே தெரியும்? வெளியில நின்னே எல்லாத்தையும் எடை போட்டா எப்படி?" என்றான் கணவன்.

"உள்ள போய்ப் பார்த்துட்டுத்தாங்க வந்திருக்கேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, பேருந்து நிறுத்தங்கள் நாலைந்து தாண்டும்வரை நடந்தாள். தான் பிடிக்கிற பிடி நியாயமா வீம்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணே மறுபடி கூப்பிட்டாள். ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றுக்கு பிளானர் வேண்டுமாம். "உங்க கேள்வியை நானே முன்னாடி கேட்டேன் மேடம். மேனேஜர் கடுப்பாயிட்டார். அப்புறம், அந்தம்மாவை நேர்ல வரச் சொல்லுன்னுட்டார்."

மேனேஜர் ஒல்லியான, எதற்கும் அவசரப்படாத மனிதர். வேகமான பணிச்சூழல்னா என்ன என்று அவள் கேட்டதும் விளக்கம் சொல்லவில்லை. டிஸ்பாட்ச் ஹாலுக்குக் கூட்டிப்போய், அங்கிருந்த பிளானர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, "ஒரு மணி நேரம் பாருங்க" என்றார்.

மணி பத்து. மூன்று ஃபோனும் மாறி மாறி அடித்தன. வண்டி ஒன்று பஞ்சர், ஒரு கிளினிக்கில் சாம்பிள் தயாரில்லை, இன்னொன்றில் ஐஸ் பெட்டி போதவில்லை. பிளானர் காதில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகத் தாங்கினார். "பன்னெண்டு வரைக்கும் இப்படித்தான். அப்புறம் மனுஷன் மாதிரி இருக்கலாம்" என்றார் நடுவில். இரண்டு பிளானர் இருந்தார்களாம். மற்றவர் மனைவிக்கு வெளியூரில் மாற்றலாகி அவரும் கூடப் போய்விட்டார்.

அவள் மேனேஜர் அறைக்குத் திரும்பி வந்தாள். "வேகம் புரிஞ்சுது. சம்பளம்?"

மேனேஜர் தொகையைச் சொன்னார். அவள் பழைய கம்பெனியில் வாங்கியதைவிடக் கொஞ்சம் அதிகம். "இதுக்கு மேல என்னால முடியாது."

"இதையே விளம்பரத்துல போட்டிருக்கலாமே?"

"போட்டா உள்ள இருக்கிறவங்க எனக்கும் குடுன்னு வந்து நிப்பாங்க" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்ததுபோல மேஜையிலிருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்தினார்.

கேட் அருகே பிளானர் டீயோடு நின்றிருந்தார். "எவ்வளவு சொன்னார்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

சொன்னால் வேலை கைநழுவலாம். வீட்டில் கணவன் முகம் கண்முன் வந்தது. ஊரிலுள்ள ஏஜென்சிகளையெல்லாம் மூன்று மாதமாகக் குடைந்தவள், இவர் ஒரே ஒரு கேள்வி கேட்கும்போது எப்படி மழுப்புவது?

தொகையைச் சொன்னாள். அவர் டீயைக் கீழே ஊற்றிவிட்டு, "நான் ஆறு வருஷமா இருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

நான்கு நாள் ஃபோன் வரவில்லை. கணவனிடம் நடந்ததைச் சொன்னாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "எங்க ஆஃபீஸ்ல புதுசா வந்தவனுக்கு என்ன தர்றாங்கன்னு எனக்கும் தெரியாது" என்றான்.

ஐந்தாம் நாள் ஏஜென்சிப் பெண் கூப்பிட்டாள். பிளானர் நேராக மேனேஜர் அறைக்குப் போய் நின்றிருக்கிறார். இரண்டு நாள் இழுபறி. கடைசியில் அவருக்கும் அதே தொகை. "நீங்க சேர்றதுக்கு முன்னாடியே செலவு வச்சுட்டீங்களாம். ஆனா ஆஃபர் அப்படியே இருக்கு. மேடம், கொஞ்சம் பயந்துட்டேன்."

"நானும்தாம்மா."

திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தாள். மேனேஜர் தலையை மட்டும் அசைத்தார். அவருக்கு மனசு ஆற இன்னும் கொஞ்ச நாள் ஆகும்போலிருந்தது. பிளானர் ஒரு ஃபோனை அவள் பக்கம் தள்ளினார். அவள் காலை ஆட்டிக்கொண்டே, நிம்மதியா பதற்றமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாமல், அது அடிக்கக் காத்திருந்தாள்.