கடற்கரை வட்டாரத்தில் சேராத தேயிலை

1. ஆனி பிறந்த அன்று, எங்கள் தேயிலை ஏஜென்சியின் மூன்று விற்பனையாளர்களுக்கும் மாதச் சம்பளம் நின்றது. விற்கும் ஒவ்வொரு ராத்தல் தேயிலைக்கும் ஓர் அணா கமிஷன் மட்டும் என்று ஆனது.
2. அதே நாளில் அவர்களுடைய வட்டாரங்களும் மாறின. மேனேஜர் சொல்லச் சொல்ல, வரைபடத்தில் எல்லைக் கோடுகளை இழுத்தவள் நான்.
3. மூன்று மாதத்தில் டவுன்காரரின் வருமானம் இரண்டு மடங்கைத் தாண்டியது. கடற்கரைக்காரருடையது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.
4. ஆவணிக் கடைசியில், கடற்கரைக்காரரை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்யும்படி என் மேசைக்கு ஒரு காகிதம் வந்தது.
5. நான் செய்யவில்லை.

ஐந்தாவதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். இரண்டாவதைச் செய்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. கோடு நேராக வந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

அலுவலகம் நாகர்கோவிலில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. திருவனந்தபுரத்தில் கணிதம் படித்துவிட்டு, தட்டச்சும் கணக்குப் பதிவும் தேர்வெழுதித் தேறி, அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். நான் ஒருத்திதான் பெண். விற்பனையாளர்கள் மூவரையும் அவரவர் வட்டாரத்தின் பெயராலேயே அழைப்பது அலுவலக வழக்கம். நாகர்கோவிலும் கோட்டாறும் டவுன்காரருக்கு. மார்த்தாண்டம் தொடங்கித் திற்பரப்பு வரை மேற்குக்காரருக்கு. மணக்குடியிலிருந்து முட்டம் வழியாகக் குளச்சல் வரை கடற்கரைக்காரருக்கு. வயல் சூழ்ந்த கிராமங்கள் இவர்களுக்கிடையே துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தன.

மேனேஜர் வட்டாரம் பிரித்த முறை மிகவும் எளிமையானது. கடைகளை எண்ணச் சொன்னார். மொத்தம் இருநூற்று எழுபது. மூன்றால் வகுத்தார். ஆளுக்குத் தொண்ணூறு.

"இதுல யாருக்கும் ஒரு கொறயும் சொல்ல முடியாது பாத்துக்க. சமத்துக்குச் சமம்" என்றார்.

எனக்கும் அது சமமாகத்தான் தோன்றியது. டவுனில் தொண்ணூறு கடைகளும் இரண்டு மைலுக்குள் இருக்கின்றன என்பதும், கடற்கரையில் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் மணலும் காயலும் இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்ததைக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

கடற்கரைக்காரர் நாற்பது வயதுக்காரர். வலை பின்னும் குடும்பத்தில் பிறந்து, ஏழாவது வரை படித்து, சைக்கிளில் தேயிலைப் பெட்டி கட்டியவர். கடற்கரை ஊர்களில் அப்போது கருப்பட்டிக் காப்பிதான் வழக்கம். தேயிலை என்றால் காய்ச்சலுக்கு என்று நினைத்தவர்கள் பலர். அங்கே போய் 'பாக்கெட் வேண்டுமா' என்று கேட்டால் ஒரு கடைக்காரரும் வாங்க மாட்டார். அதனால் அவர் வேறொரு வழி கண்டுபிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயிலில் பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரத்தில், எதிரே கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, கருப்பட்டி போட்ட தேயிலை காய்ச்சி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி இலவசமாகக் கொடுப்பார். கடலுக்குப் போகாத ஒரே நாள் அது. ஆண், பெண் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். இரண்டு, மூன்று ஞாயிறு குடித்தவர்கள் நாலாவது வாரம் கடையில் போய்க் கேட்பார்கள்.

அலுவலக விதிப்படி ஞாயிறு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை தேதியிட்ட அறிக்கை செல்லாது. அவருடைய ஞாயிறு அறிக்கைகளைச் சிவப்புப் பென்சிலால் அடித்ததும் நான்தான். வாரத்துக்கு ஒன்று, மூன்று மாதமாக.

ஆவணியில் ஒரு நாள் அவர் மாடிப்படி ஏறி வந்தார். கையில் கமிஷன் சீட்டு.

"தங்கச்சி, இதுல பதினஞ்சு ரூவான்னு போட்டிருக்கு. தப்பா ஏதும் எழுதிட்டியளா?"

"இல்ல அண்ணே. இருநூத்தி நாப்பது ராத்தல்தான் உங்க வட்டாரத்துல பில் ஆகியிருக்கு, போன வருசத்த விடக் கொறவு."

"முன்னே சம்பளம் நாப்பத்தஞ்சு வந்துது. அதுல வீடு நடந்துது." சீட்டை மடித்தார், மறுபடி விரித்தார். "முட்டத்துல போன வருசம் நாலு வீட்டுல தேயில குடிப்பான். இப்பம் தெரு முச்சூடும் குடிக்கான். பின்னெ எப்பிடி தங்கச்சி கொறயும்?"

பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த டவுன்காரர் சிரித்தார். "வேய், சும்மா ஊத்திக் குடுத்தா எவனும் குடிப்பான். காசு குடுத்து வாங்க வைக்கதுதான் வேல. உமக்கு அன்னதான வட்டாரம் போட்டுத் தரச் சொல்லட்டா?"

"நீரு ஒரு நாளு எனக்ககூட மணல்ல சைக்கிள் உருட்டிப் பாரும். அப்பம் தெரியும் அன்னதானம்" என்றார் கடற்கரைக்காரர். ஆனால் குரலில் வலு இல்லை. போகும்போது, "ஓணம் வரைக்கும் பாப்போம்னு மேனேஜர் சாரு சொன்னாரு. வேல போனா பிள்ளியள பள்ளிக்கூடத்துல இருந்து நிப்பாட்டணும்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அவருடைய கேள்வி என்னை விடவில்லை. குடிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள், விற்பனை குறைந்திருக்கிறது. இரண்டும் உண்மையானால், தேயிலை எங்கோ வேறு வழியாகப் போகிறது.

அடுத்த சந்தை நாளில் கோட்டாறுக்குப் போனேன். எங்கள் தேயிலையை மொத்தமாக எடுக்கும் மளிகைக்காரரின் கடை வாசலில் மீன்கூடைகள் அடுக்கியிருந்தன. கேட்பதற்கு முன்பே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. கடற்கரைச் சிறுகடைக்காரர்கள் வாரத்துக்கு ஒரு தடவை கருவாட்டையும் மீனையும் கொண்டு கோட்டாறுக்கு வருகிறார்கள். விற்ற காசுக்கு அங்கேயே அரிசி, மிளகாய், எண்ணெய், தேயிலை எல்லாம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தத் தேயிலை கோட்டாற்றில் பில் ஆகிறது. கோட்டாறு டவுன்காரரின் வட்டாரம்.

"எங்க தேயில கூடுதலா எங்க போகுது அண்ணாச்சி?" என்று மளிகைக்காரரிடம் கேட்டேன்.

"வேற எங்க மக்கா? கடப்புறத்துக்குத்தான். அவனுவ வரலேன்னா நான் இந்தக் கடய சாத்திட்டுக் கன்னியாகுமரிக்குச் சங்கு விக்கப் போகணும்" என்றார். "உங்க டவுன்காரருக்கும் தெரியுமே. மாசக் கடைசில வந்து, 'அண்ணாச்சி, கடப்புறத்துக்காரனுவ எவ்வளவு எடுத்தானுவ'ன்னு கேட்டு, அதுக்கேத்த ஆர்டர் எழுதிட்டுப் போறாரு."

தெரியும். அந்த ஒரு சொல்லில் எனக்குக் காது சுட்டது. அன்னதானம் என்று சிரித்த மனிதர், அந்த அன்னதானத்தின் பலனை மாதாமாதம் தன் பெயரில் எழுதிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோதுதான் நான்காவதாகச் சொன்ன காகிதம் மேசையில் இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு பட்டியலைத் தட்டச்சு செய்தேன். ஒரு கடைக்கு மாதம் இரண்டு நடை, நடைக்கு இருபது நிமிடம். ஆகவே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கடைக்குள் செலவாகும் நேரம் அறுபது மணி. இதில் மூவரும் சமம். வழியில் செலவாகும் நேரத்தைச் சேர்த்தபோது சமம் உடைந்தது. டவுனுக்குப் பத்து மணி கூடியது. மேற்குக்குத் தொண்ணூறு. கடற்கரைக்கு நூற்று இருபத்தைந்து. ஒருவருக்கு மாதத்தில் எழுபது மணி வேலை. மற்றொருவருக்கு நூற்று எண்பத்தைந்து. இதைத்தான் சமத்துக்குச் சமம் என்று நான் கோடு போட்டிருந்தேன்.

பட்டியலின் கீழே மூன்று யோசனைகளை எழுதினேன். கடைகளை எண்ணாமல் வேலை மணியை எண்ணி வட்டாரம் பிரிக்க வேண்டும். அதன்படி மணக்குடிப் பக்கத்துக் கடைகள் டவுனுக்குப் போகட்டும். கோட்டாற்றில் கடற்கரைக் கடைகள் எடுக்கும் தேயிலைக்குக் கமிஷனை இருவருக்கும் பாதி பாதியாகப் பிரிக்க வேண்டும். கடற்கரையில் விற்பனையாளர் செய்வது புதிதாகக் குடிக்கப் பழக்கும் வேலை. அதன் பலன் தாமதமாக, வேறு இடத்தில் விளைகிறது. ஆனி, ஆடியில் கடல் கொந்தளித்தால் ஊரில் காசே புழங்காது. ஆகவே அங்கே சம்பளம் முக்கால் பங்காகவும் கமிஷன் கால் பங்காகவும் இருக்கட்டும். டவுனில், போய்க் கேட்டால் அன்றே ஆர்டர் கிடைக்கும் இடத்தில், கமிஷன் அதிகமாக இருப்பதில் தவறில்லை.

மேனேஜர் முழுவதும் படித்தார். நின்றுகொண்டே இருந்தேன்.

"கணக்கு சரிதான்" என்றார். "ஆனா சம்பளம் குடுத்தா ஆளு கால நீட்டிப் படுத்துருவான். வயத்துல தீ இருந்தாத்தான் ஓடுவான்."

"அவரு ஞாயித்துக்கிழமையும் ஓடினாரு சார். நாமதான் அதை எழுதல."

"அது விதி."

"அந்த விதிய யாரு போட்டது சார்?"

அவர் பட்டியலை மேசையில் வைத்தார். "அந்தக் கடிதம் எங்க?" என்று கேட்டார்.

"அடிக்கல சார்."

"நீ அடிக்கலேன்னா நிக்கப் போகுதா?" என்று சொல்லி, மை தொட்டு அவரே கையால் எழுதினார். நாலு வரி. 'விற்பனைக் குறைவு காரணமாக' என்று தொடங்கியது. என் பட்டியல் அதே மேசையில், அதே கைக்குக் கீழே விரிந்து கிடந்தது. அதன் மேல் வைத்துத்தான் எழுதினார்.

கடற்கரைக்காரர் கடிதத்தை வாங்கிக்கொண்டு, சைக்கிளில் இருந்த மாதிரிப் பெட்டியை அவிழ்த்து மாடியில் வைத்தார். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்தேன்; அது என் வசதிக்கான நினைப்பு. "பட்டியல் எழுதினியளாமே, மேற்குக்காரன் சொன்னான்" என்றார். "ஒரு மாசம் முன்னால எழுதியிருக்கலாம் தங்கச்சி."

நான் மாதிரிப் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

புரட்டாசியில் கடற்கரை விற்பனை சரிந்தது. ஞாயிறு தேயிலை நின்றுவிட்டது; கோட்டாற்று மளிகைக்காரரின் ஆர்டர் பாதியானது. டவுன்காரரின் கமிஷனும் கூடவே விழுந்தது. முதல் ஆளாக மேனேஜர் அறைக்கு ஓடியவர் அவர்தான். மேனேஜர் அலமாரியிலிருந்து என் பட்டியலை எடுத்தார். தலைமை அலுவலகத்துக்கு அதைத் தன் பெயரில் அனுப்பினார். என்னையே தட்டச்சு செய்யச் சொன்னார். அந்தத் தடவை அடித்தேன். திட்டம் நடக்க வேண்டுமே என்று.

நடந்தது. ஐப்பசியிலிருந்து புதிய எல்லைகள், பாதிக் கமிஷன், கடற்கரைக்கு முக்கால் சம்பளம். ஞாயிறு அறிக்கை செல்லும். கடற்கரைக்கு ஆள் எடுக்கும்போது பழையவரையே கூப்பிடலாம் என்று சொன்னேன். நீக்கியவரைத் திரும்ப எடுத்தால் நாம் தவறு செய்ததாக ஆகிவிடும் என்றார் மேனேஜர். டவுன்காரரின் மைத்துனரை எடுத்தார்கள்.

இப்போதைய நிலை இது. திட்டம் நடப்பில் இருக்கிறது, விற்பனை ஏறியிருக்கிறது. மைத்துனருக்கு மாதம் ஐம்பது ரூபாய்க்குக் குறையாமல் வருகிறது. பழைய கடற்கரைக்காரர் குளச்சலில் மீன் கூடை சுமக்கிறார். மூத்த பிள்ளையின் படிப்பு நின்றுவிட்டது. நான் அதே மாடியில், அதே மேசையில் வேலை செய்கிறேன்.