மிளகு அண்ணன் அண்ணிக்குக் கொடுத்த மருந்து

எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனின் தலைமைச் சமையல்காரருக்கு மிளகு அண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. மேலே நான்கு மாடி நிறைய டாக்டர்கள் இருந்தாலும், சளி பிடித்த நர்ஸ் முதலில் கீழே இறங்கி ரசம் கேட்டு இவரிடம்தான் வருவாள். நான் அங்கே காய் நறுக்குகிறவள். பதினொரு வருஷமாக இவர் பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மிளகின் காரம் மூக்கை ஒழுக வைக்கும், அடைப்பு விடும். சீரகம் வயிற்று மந்தத்துக்கு. பூண்டைத் தட்டிக் கொஞ்ச நேரம் வைத்துப் போட்டால்தான் அதற்கு வீரியம். மஞ்சள் தனியாகப் போனால் உடம்பில் அவ்வளவாகச் சேராது, மிளகோடு போனால் சேரும். புளி, செத்த நாக்கை எழுப்பும். எல்லாவற்றையும்விடச் சூடும் ஆவியும் சளியை இளக்கும். நுரை கட்டியதும் ரசத்தை இறக்கிவிட வேண்டும். "கொதிக்க விட்டா வாசனை ஓடிரும், அப்புறம் மிச்சம் புளித்தண்ணிதான்" என்பார். மூச்சு வாங்கிக்கொண்டு யாராவது வந்தால் மட்டும், "இது என் கேஸ் இல்ல, மாடிக்குப் போ" என்று அனுப்பிவிடுவார். அந்த மட்டுக்கு நியாயஸ்தர்.

அவர் மனைவிக்கு ரயில் நிலையத்தில் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று மைக்கில் சொல்பவர். ஒரு மழையில் நனைந்து அண்ணிக்கு ஜலதோஷம் பிடித்தது. அண்ணன் ரசம் வைத்தார். ஒரு வாரத்தில் சளி போய்விட்டது. அது எப்படியும் ஒரு வாரத்தில் போகும். ஆனால் பேர் ரசத்துக்குத்தான்.

இருமல் போகவில்லை. இரண்டு மாதமாக, 'மூன்றாவது' என்று ஆரம்பித்து 'நடைமேடை' வருவதற்குள் அண்ணி நான்கு முறை இருமினார். பயணிகள் புகார் எழுதிப் போட்டார்கள். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் பார்சல் பிரிவுக்கு மாற்றிவிடுவதாக நிலைய அதிகாரி சொல்லிவிட்டார். பத்தொன்பது வருஷம் மைக் பிடித்தவர் மூட்டை எண்ண வேண்டும்.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மிளகை இரட்டிப்பாக்கினார். புளியைக் கெட்டியாகக் கரைத்தார். தினமும் அண்ணி படுக்கப்போகும் முன் ஒரு சொம்பு. கடைசிச் சொட்டு இறங்கும்வரை எதிரில் நின்று பார்ப்பாராம்.

"அண்ணி, மாடியில ஒரு தடவை காட்டலாமே?" என்றேன்.

"புருஷன் மருந்து பலிக்கலன்னு அவர் வேலை பார்க்கிற இடத்துலயே போய்ச் சொல்லவா?"

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மதியம் அண்ணி சாவி வாங்க வந்திருந்தபோது, தொண்டை டாக்டரம்மா தன் ஜலதோஷத்துக்கு ரசம் குடித்துக்கொண்டிருந்தார். நான் போட்டு உடைத்துவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

டாக்டரம்மா தம்ளரோடு கேட்டார். "சளி வருதா?"

"இல்லம்மா."

"இருமல் எப்ப ஜாஸ்தி?"

"படுத்தா. காலையில தொண்டையும் கட்டிக்குது."

"நெஞ்சு எரியுதா?"

அண்ணி புருஷனைப் பார்த்தார். "எரியுது."

"எப்ப?"

"ரசம் குடிச்சுட்டுப் படுத்ததும்."

டாக்டரம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அண்ணியை மாடிக்கு அழைத்துப்போய்க் குழாய் விட்டுப் பார்த்தார். திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னார். வயிற்றிலிருந்து புளிப்பு நீர் மேலே ஏறித் தொண்டையைச் சுட்டிருக்கிறது, இருமல் அதனால்தான். காரமும் புளிப்பும் குடித்துவிட்டு உடனே படுத்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின மாதிரி. ஆறு வாரம் மாத்திரை, லீவுக்குக் கடிதம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுக்கை. "ரசத்து மேல தப்பில்ல. நோய்தான் வேற" என்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் அண்ணன்.

"சொம்பை நீட்டிட்டு, பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த மாதிரி நிப்பீங்க. அந்த முகத்தைப் பார்த்து எரியுதுன்னு சொல்ல மனசு வரல."

அண்ணன் கண் கலங்கியது. அன்று நான் நறுக்கியது முட்டைக்கோஸ். வெங்காயத்தின் மேல் பழி போடக்கூட வழியில்லை. எனக்கும் அழுகை வந்தது.

அதன்பின் அண்ணிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கே சுரைக்காய் போட்ட கஞ்சி. மிளகு கிடையாது. கேன்டீனில் ரசம் வழக்கம்போல ஓடுகிறது; ஆனால் கரண்டியைத் தூக்குமுன், "நெஞ்சு எரியுதா?" என்று கேட்கிறார். டாக்டர்களையும் விடுவதில்லை.

ஏழாவது வாரம் அண்ணி மைக்குக்குத் திரும்பிய அன்று, அண்ணன் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். கையில் அந்தச் சொம்பு, காலியாக.

"எங்கண்ணே போனீங்க?"

"ஸ்டேஷனுக்கு. அவளுக்கு வெந்நீர் கொண்டுபோனேன். பதினாலு வண்டி சொன்னா. ஒரு இருமல் இல்ல."

"அப்ப வெந்நீரை என்ன பண்ணினீங்க?"

"எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. நானே குடிச்சுட்டேன்."