பச்சைப் பெயின்ட் சில்லு

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 329: அரசு தடய அறிவியல் நிபுணரின் அறிக்கையை, அவரைக் கூண்டில் ஏற்றாமலேயே சாட்சியமாகப் பயன்படுத்தலாம். நீதிமன்றம் தகுந்ததென்று கருதினால் அவரை வரவழைத்து, அறிக்கையின் பொருள் குறித்து விசாரிக்கலாம். முதல் வாக்கியம் எல்லா வக்கீல்களுக்கும் மனப்பாடம். இரண்டாவது வாக்கியமும் அதே பக்கத்தில்தான் அச்சாகியிருக்கிறது. அதைப் படித்தவர்களை என் பணிக்காலத்தில் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

நான் நீதிமன்றத் தலைமை எழுத்தராக, அதாவது சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரம்பலூரில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு லாரி ஓட்டுநர் குடும்பம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறவர். ஒரு நாள் காலையில் அவர் மனைவி கையில் ஒரு நகலோடு வந்து நின்றாள்.

"சார், லேப்லேருந்து ரிப்போர்ட் வந்துடுச்சாம். இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. குத்தத்த ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிடுமாம்."

"எந்த வக்கீல்?"

"ஓனர் வச்சுக் குடுத்தவரு."

லாரி முதலாளி வைத்துக் கொடுத்த வக்கீலுக்கு லாரி முதலாளியின் அவசரம்தான் இருக்கும். வழக்கு இதுதான்: அரியலூருக்கு வெளியே சாலையில், இரவில், மொபெட்டில் போன ஒரு விவசாயியை ஒரு லாரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் அங்கேயே இறந்துவிட்டார். பார்த்த ஒரே சாட்சி சொன்னது, "பச்சை லாரி." ஓட்டுநர் அன்று அந்தச் சாலையில் போனது உண்மை; ஆனால் பொழுது சாய்வதற்கு முன்பே போய்விட்டதாகச் சொன்னார். போலீஸார் மொபெட்டில் ஒட்டியிருந்த ஒரு பெயின்ட் சில்லை எடுத்தார்கள். இவருடைய லாரிக் கதவில் கொஞ்சம் சுரண்டி எடுத்தார்கள். இரண்டையும் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்று சொல்லும் நீதிமன்ற வழக்கப்படி, குற்றப்பத்திரிகையில் "எதிரியின் லாரியின் பெயின்ட்தான் என்று நிபுணர் உறுதி செய்துள்ளார்" என்று இருந்தது. நான் அறிக்கையைப் படித்தேன். "நிறத்திலும், அடுக்கு வரிசையிலும், வேதிக் கூறுகளிலும் ஒத்திருக்கின்றன" என்று இருந்தது. ஒத்திருப்பதற்கும் அதுவேயாக இருப்பதற்கும் நடுவே ஒரு மனிதனின் சிறைவாசமும் ஓட்டுநர் உரிமமும் கிடந்தன.

"அவரு அடிக்கலைன்னா ஒத்துக்கக் கூடாது" என்றேன்.

"அடிக்கல சார். அடிச்சிருந்தா அவரால சோறு திங்க முடியாது. எனக்குத் தெரியும்." பிறகு சொன்னாள்: "ஜெயிலுக்கே போனாலும் சரி, ஒத்துக்க மாட்டோம்."

முதலாளியின் வக்கீலிடமிருந்து வழக்குக் கட்டு வாங்கப்பட்டது. புதிதாக வந்தவர் லெப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த இளம் பெண் வக்கீல். என்னைத் தேடி வந்து, "ரிப்போர்ட்டச் சான்றாவணமா மார்க் பண்றதுக்கு ஆட்சேபணை சொல்லிடட்டுமா சார்?" என்று கேட்டார்.

"சொல்லாதீங்கம்மா. சட்டம் அனுமதிக்குற ரிப்போர்ட்ட ஆட்சேபிச்சா நடுவருக்குக் கோபம் வரும், பலன் வராது. மார்க் பண்ணட்டும். மார்க் ஆனதால அது உண்மைன்னு ஆயிடாது. அதே நாள்ல நிபுணரக் கூப்பிடச் சொல்லி மனுப் போடுங்க. அவரே நேர்ல வரணும்னும் கேளுங்க. இல்லேன்னா விவரம் தெரிஞ்ச வேற அதிகாரிய அனுப்ப அவருக்கு உரிமை இருக்கு."

"எதுக்குக் கூப்பிடணும்னு நடுவர் கேட்டா?"

"புதுச் சாட்சியச் சட்டம், சாக்ஷ்ய அதினியம், பிரிவு 45. நிபுணர் கருத்து மட்டுமில்ல, அந்தக் கருத்துக்கு என்ன அடிப்படைங்கிறதும் கோர்ட்டுக்குத் தேவை. இந்த ரிப்போர்ட்ல முடிவு இருக்கு. அடிப்படை அரை வரிதான் இருக்கு."

"இன்ஷா அல்லாஹ், கேட்டுப் பாக்குறேன்" என்று போனார். கேட்டார். அரசு தரப்பு உதவி வழக்கறிஞர் எழுந்து, இது வழக்கை இழுத்தடிக்கும் முயற்சி என்றார். அவரே முந்தைய மூன்று வாய்தாக்களிலும் வரவில்லை என்பதை நடுவர் நாட்குறிப்பில் பார்த்துக்கொண்டே மனுவை அனுமதித்தார்.

நிபுணர் வந்த அன்று நான் அரியலூர் நீதிமன்றத்தின் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஓரத்தில் ஓட்டுநரின் மனைவி. மறு ஓரத்தில் இறந்தவரின் அண்ணன். ஒரு வாய்தாவையும் விடாமல் வருகிறவர். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் ஒரு முறைகூட முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

நிபுணர் பேச்சில் நிதானமானவர். நுண்ணோக்கியில் பார்த்தது, அகச்சிவப்பு நிறமாலை எடுத்தது எல்லாம் தெளிவாகச் சொன்னார். குறுக்கு விசாரணை தொடங்கியது.

"சில்லுல எத்தனை அடுக்கு இருந்துச்சு சார்?"

"இரண்டு. அடியில் சாம்பல் நிற ப்ரைமர், மேலே பச்சை."

"லாரி மாதிரியில?"

"அது சுரண்டிய தூள். துணுக்குகளில் அதே இரண்டு அடுக்குதான் தெரிந்தது."

"லாரியோட எந்தப் பகுதியிலேருந்து எடுத்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பொட்டலத்தில் 'லாரி' என்று மட்டும் எழுதியிருந்தது."

மாதிரி எடுத்தபோது போலீஸார் எழுதிய மகஜரை வக்கீல் நீட்டினார். இடது கதவு என்று இருந்தது. மோதியதாகச் சொல்லப்பட்டது முன்பக்க பம்பரின் மூலை. ஒரே லாரியில் கதவும் பம்பரும் வெவ்வேறு நாளில் பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கலாம் என்பதை நிபுணர் ஒப்புக்கொண்டார்.

அதற்கு மேல் கேட்க வேண்டியதை நடுவர் கேட்டார். நீதிபதி எந்தக் கேள்வியையும் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது; சொல்வதோடு சரி என்று பலர் விட்டுவிடுவார்கள். இவர் கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். பேனாவைக் கீழே வைத்தார்.

"சுரண்டாம, உலோகம் வரைக்கும் சில்லாப் பெயர்த்து அனுப்பியிருந்தா?"

"ஓரங்களைப் பொருத்திப் பார்த்திருக்கலாம் ஐயா. உடைந்த ஓரம் பொருந்தினால் அதே இடம்தான் என்று சொல்லலாம். தூளில் அது முடியாது."

"இது பொதுவா கிடைக்கிற பெயின்டா, அபூர்வமானதா?"

"பொதுவானது."

"இந்த ஊர்ல இதே பெயின்ட், இதே ப்ரைமர் எத்தனை லாரியில இருக்குன்னு பாத்தீங்களா?"

"எனக்கு வந்தவை இரண்டு பொட்டலம்தான் ஐயா."

"போலீஸ் கடிதத்துல சந்தேகத்துக்குரிய லாரி இதுதான்னு எழுதியிருந்துச்சா?"

"எழுதியிருந்தது."

நீதிமன்றத்தின் ஜன்னல் திறந்திருந்தது. வெளியே சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பச்சை, பச்சை, இன்னொரு பச்சை. நடுவர் அந்தப் பக்கம் பார்த்தார். நிபுணரும் பார்த்தார். உதவி வழக்கறிஞர் மட்டும் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த இரண்டு அடுக்கை வச்சு, அதே லாரிதான்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது ஐயா. நான் அப்படி எழுதவும் இல்லை. அது வேறொரு பெயின்ட் இல்லை என்று மட்டும் சொல்லலாம். ஏழெட்டு அடுக்கு இருந்து வரிசையும் ஒத்துப்போயிருந்தால் வலுவாகச் சொல்லியிருப்பேன்."

நிபுணர் மேல் எனக்கு மரியாதை வந்தது. கேட்டால் சொல்கிறார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

பழைய லாரியில் ஏன் இரண்டே அடுக்கு என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் அரியலூரில் எல்லோருக்கும் தெரியும். கல் ஏற்றும் லாரிகள் பெரும்பாலும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுப்பதற்கு முன்னால் ஒரே பெயின்ட் ஷெட்டுக்குத்தான் போகும். அந்த ஷெட்டுக்காரரை ஓட்டுநர் தரப்புச் சாட்சியாக அழைத்தார்கள். கூண்டில் ஏறியதும் தன்னைத்தான் குற்றவாளியாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"உங்க ஷெட்டுல பச்சைய எப்படிக் கலக்குறீங்க?" என்று வக்கீல் கேட்டார்.

"கலப்படம் பண்றேன்னு சொல்றியாம்மா?"

"இல்லங்க. கலர எப்படிக் கலக்குவீங்கன்னு கேக்குறேன்."

"ஒரு டிரம்ல மொத்தமாக் கலக்கி வச்சுடுவேன். வர்ற வண்டிக்கெல்லாம் அதுதான். மிச்சத்த அடுத்த டிரம்முல ஊத்திக்குவேன். எவன் வண்டியப் பாத்தாலும் என் கலர்னு தெரியணும்!"

"பழைய பெயின்ட் மேலயே அடிப்பீங்களா?"

இதுதான் அவரை உச்சிக்கு ஏற்றியது. "யாரு சொன்னா? மத்த ஷெட்டுக்காரன் அடிப்பான். நான் தகரம் தெரியுற வரைக்கும் மொத்தமாச் சுரண்டிட்டுத்தான் ப்ரைமரே அடிப்பேன். எந்த வண்டிய வேணா பெயர்த்துப் பாருங்க. ரெண்டு அடுக்குக்கு மேல இருந்தா தொழில விட்டுடுறேன்."

வேறு ஊராக இருந்தால் ஒரு லாரியின் மேல் அதன் வரலாறு அடுக்கடுக்காக இருந்திருக்கும். இந்த மனிதரின் நேர்மை எல்லா லாரிகளையும் ஒரே லாரியாக ஆக்கிவிட்டது. "போதும், எறங்குங்க" என்று நடுவர் சொன்னபோது, "சர்டிபிகேட் எதும் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

நடுவர் அத்தோடு தீர்ப்புக்கு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஷெட்டுக்காரர் சொன்னதையும் சோதிக்க வேண்டும் என்றார். அந்த ஷெட்டில் அடித்த வேறு சில லாரிகளிலிருந்தும், திருச்சியில் அடித்த ஒரு பச்சை லாரியிலிருந்தும், எதிரியின் லாரி பம்பரிலிருந்தும், உலோகம் வரைக்கும் பெயர்த்த சில்லுகள் இரு தரப்பு முன்னிலையில் எடுக்கப்பட வேண்டும். பொட்டலங்களில் அ, ஆ என்று எழுத்து மட்டும்தான் இருக்கும். எந்த எழுத்து எந்த லாரி என்பது முத்திரையிட்ட உறையில் நீதிமன்றத்திலேயே இருக்கும். போலீஸ் கடிதம் கூடப் போகாது.

மீண்டும் அழைக்கப்பட்டிருந்த நிபுணர், "இதுதான் சரியான முறை ஐயா" என்றார். மொபெட்டில் எடுத்த சில்லில் மிச்சம் இருக்கிறது என்றும் சொன்னார்.

பொட்டலங்கள் திறந்த நீதிமன்றத்தில் அரக்கு வைத்து மூடப்பட்டன. மாதிரி முத்திரை தனியாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பெஞ்ச் கிளார்க்கிடம் நான் கேட்டேன். "ரிட்டயர் ஆயிட்டீங்க சார்" என்றார். மாதிரி முத்திரை இல்லாவிட்டால், முத்திரை கலையாமல் வந்ததா என்பதை ஆய்வகம் எதோடு ஒப்பிடும் என்று கேட்டேன். முனகிக்கொண்டே இணைத்தார்.

வெளியே வந்தபோது இறந்தவரின் அண்ணன் என்னை மறித்தார்.

"ஏன் சார், அவன விட்டுட்டா எந்தம்பிய அடிச்சது யாரு?"

"தெரியலைங்க."

"தெரியலைன்னா?"

"இவரு அடிச்சாருன்னா இந்தச் சோதனையில தெரியட்டும். இல்லேன்னா, அடிச்சவன் இன்னும் வண்டி ஓட்டிக்கிட்டுத் திரியுறான். எல்லாரும் இவர்தான்னு நெனைச்சதால அவனை யாரும் தேடல. உங்களுக்கு ஒரு ஆளு வேணுமா, அந்த ஆளு வேணுமா?"

 ஓட்டுநரின் மனைவி சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மூன்று பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போனோம். வேறு ஆட்டோ இல்லை.

பிறகு காத்திருப்பு. வாய்தா வாய்தாவாக 'ஆய்வக அறிக்கை வரவில்லை' என்று எழுதப்பட்டது. நினைவூட்டல் போனது. அதற்கு, நினைவூட்டல் கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது. அரசு அலுவலகத்தில் அதுவும் ஒரு பதில்தான். இதற்கிடையில் முதலாளியின் ஆள் இரண்டு தடவை அடுத்த வீட்டுக்கு வந்து, ஒத்துக்கொண்டால் வேலை நிலைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டாவது தடவை ஓட்டுநரின் மனைவி அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "வேலைய வேற எடத்துல தேடிக்குவோம். கோர்ட்டுல நாங்க கேட்டிருக்கோம்ல, பதில் வரட்டும், போயிட்டு வாங்க" என்று அவள் சொன்னது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

ஒரு வழியாகப் பதில் வந்தது. அன்று நீதிமன்றத்தில் அறிக்கையும் எழுத்துகளின் உறையும் பிரிக்கப்பட்டன. திருச்சியில் அடித்த லாரியின் சில்லை மட்டும் ஆய்வகம் சரியாகப் பிரித்து, வேறு பெயின்ட் என்று எழுதியிருந்தது. ஆகவே சோதனையில் குறை இல்லை. மற்ற எல்லா எழுத்துகளும், மொபெட்டில் இருந்த சில்லும், ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாதவை. எந்தச் சில்லின் ஓரமும் அதோடு பொருந்தவில்லை. நடுவர் எழுத்துப் பட்டியலில் எதிரியின் லாரி எது என்று பார்த்து, அதை உரக்கப் படித்தார்; அதுவும் பிரித்தறிய முடியாத அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான். உதவி வழக்கறிஞர் முதல் தடவையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இறந்தவரின் அண்ணன் எழுந்து, புலன் விசாரணை அதிகாரி நின்ற பக்கமாக நடந்தார். ஆய்வகத்தின் அந்தப் பதில் வந்து சேர்ந்தது ஆடி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை.