புதன் தவிர, நாலேகாலுக்கு

மில் வேன் எங்கள் தெருமுனைக்கு ஐந்து பத்துக்கு வரும். இரண்டு நிமிடம் நிற்கும். அதற்குமேல் டிரைவர் காத்திருக்க மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏற வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் போய்ச் சேர்ந்தால்தான் ஆறு மணி ஷிப்டுக்கு கேட்டில் கைரேகை வைக்க முடியும். சமையலை முடித்துவிட்டுக் கிளம்ப நான் நாலேகாலுக்கு எழுந்தாக வேண்டும். எட்டு மாதமாக நான் அலாரம் வைக்காமல்தான் எழுந்துகொண்டிருந்தேன்.

காரணம் என் கணவர். ராணுவத்தில் டிரைவராக இருந்து பென்ஷனில் வந்தவர். கடைசி வருடங்களில் அவருடைய வண்டிக்கு முன்னால் போன வண்டி வெடித்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்குமேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஊருக்கு வந்த நாலாம் நாள் என் போனில் அலாரம் அடித்தது. எப்போதும் போல எடுத்த எடுப்பிலேயே முழுச் சத்தத்தில் அடித்தது. கண் திறப்பதற்குள் அவர் என்னைக் கட்டிலிலிருந்து கீழே இழுத்துப்போட்டு, என் தலையை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே கவிழ்ந்து கிடந்தார். என் முழங்கை தரையில் அடித்து வீங்கிவிட்டது. போன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னங்க, அலாரம்ங்க, அலாரம்" என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குப் புரிவதற்கு வெகுநேரம் ஆனது. எழுந்து உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல. நீ கிளம்பு" என்றார். என் முழங்கையை அவர் பார்க்கவே இல்லை.

அன்றோடு அலாரத்தை எடுத்துவிட்டேன். தானாக எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். ஒன்றரைக்கு ஒரு தரம், இரண்டரைக்கு ஒரு தரம், மூன்றே முக்காலுக்கு ஒரு தரம் என்று விழித்து மணி பார்ப்பேன். மூன்றே முக்காலுக்கு மேல் தூங்கப் பயம். அப்படியே மல்லாந்து கிடந்துவிட்டு எழுந்துவிடுவேன். புதன்கிழமை எங்கள் யூனிட்டுக்கு வார லீவு. அன்றைக்கும் அதே மாதிரி விழிப்பு வந்துவிடும். தூக்கம் என்பதே வேலை மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

நான் இருந்தது நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில். நூல் அறுந்த இடத்தில் சிவப்பு விளக்கு எரியும். போய்ச் சரிசெய்ய வேண்டும். நாள் முழுக்க நடைதான். ஒருநாள் நான்கு விளக்கு எரிய எரிய நான் தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்கியிருக்கிறேன். அடுத்த மிஷின் பார்த்தவள்தான் வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். சுந்தரபாண்டியத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். எனக்கு முன்னாலேயே வேனில் ஏறி வருகிறவள்.

"யக்கா, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குதிய. மிஷின்ல கைய குடுத்துட்டா என்ன செய்ய?"

அன்று மதியம் ஷிப்டு முடிந்து வேனில் திரும்பும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது என்று மட்டும் சொன்னேன்.

"இதுக்காக்கா எட்டு மாசம்? போனக் குடுங்க."

வேன் குலுங்க குலுங்க அவள் காட்டினாள். கடிகாரப் படத்தைத் தொட்டு, அலாரத்துக்குப் போய், நாலேகால் என்று வைத்தாள். கீழே ஏழு வட்டம். ஞாயிறு முதல் சனி வரை ஒவ்வொரு கிழமைக்கும் ஓர் எழுத்து. எல்லாவற்றையும் தொட்டுவிட்டு புதனை மட்டும் விட்டாள். "ஆபீஸ்காரவுகளுக்குத்தான் திங்கள்ல இருந்து வெள்ளி. நமக்குப் புதன்தான ஞாயித்துக்கிழம" என்று சிரித்தாள். பிறகு அலாரத்துக்கான செட்டிங்குக்குள் போய், சத்தம் படிப்படியாகக் கூடுவது என்று ஒன்று இருப்பதைக் காட்டினாள். அதில் ஐந்து விநாடியில் தொடங்கி அறுபது விநாடி வரை வரிசையாக இருந்தது. "அறுபது வைக்கேன். முதல்ல காதுல விழுந்தும் விழாத மாதிரி இருக்கும். ஒரு நிமிஷத்துல மெல்ல மெல்ல ஏறும். அவியளுக்குத் திடுக்குனு இருக்காது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. மெல்ல ஏறினாலும் கடைசியில் பழைய சத்தத்துக்குத்தானே வந்து நிற்கும்? அதனால் அலாரத்தின் ஒலி அளவுக் கோட்டைக் கடைசிவரை இடதுபக்கம் தள்ளிவிட்டேன். போதாததற்கு போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

எட்டு மாதத்துக்குப் பிறகு அலாரத்தை நம்பித் தூங்கினேன். அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். ஐந்து ஐம்பது. போனில் அலாரம் தவறியது என்று ஒரு வரி கிடந்தது. அது பாவம், நாலேகாலுக்குத் தொடங்கி, ஏறக்கூடிய அளவுக்கு ஏறி, பத்து நிமிடம் அடித்துவிட்டுத் தானாக நின்றிருக்கிறது. ஏறுகிற சத்தம் நான் வைத்த அளவு வரைக்கும்தான் ஏறும். நான் வைத்ததோ ஒன்றுமே இல்லை.

தலையை முடிந்துகொண்டு பஸ் பிடித்துப் போனேன். ராஜபாளையத்தில் இறங்கி மில் கேட்டுக்கு நடந்து போகும்போது ஏழு தாண்டிவிட்டது. அந்த மாதத்தில் அதற்கு முன்னால் இரண்டு முறை லேட். சூப்பர்வைசர் வெளியே வந்தார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"ஒடம்பு சரியில்லன்னா ரெண்டு நா வீட்டுல இரும்மா. இப்படி வந்து நின்னா ஒனக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. இன்னைக்குப் போயிட்டு நாளைக்கு நேரத்துக்கு வா."

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அவர் எழுந்து நின்றார். "என்ன, வந்துட்ட?" என்றார்.

"அலாரம் கேக்கல" என்றேன்.

"அலாரமா? நீதான் அது இல்லாமலே எந்திரிக்கியே. பழகிட்டுன்னுல்லா நெனச்சேன்."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. எட்டு மாதக் கோபம். "பழகல. நான் தூங்குறதே இல்ல. ஒன்றரைக்கும் ரெண்டரைக்கும் முழிச்சு முழிச்சு மணி பாக்கேன். ஒங்களுக்குத் தெரியாது, ஏன்னா நீங்க தூங்குதிய" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமே என்று தோன்றிப் பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"அந்தப் போனக் கொண்டா."

"எதுக்கு?"

"கொண்டாட்டி. பாப்போம்."

வேனில் அவள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அவருக்குச் சொன்னேன். ஒலிக் கோட்டை நான் இடதுகோடிக்குத் தள்ளியதையும் சொன்னேன். அவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிழமை எதையும் தொடாமல் இரண்டு நிமிடம் தள்ளி புதிதாக ஓர் அலாரம் வைத்தார். கோட்டைப் பாதிக்குக் கொண்டுவந்தார். போனைச் சுவரலமாரிப் பலகையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வேண்டாம்ங்க" என்றேன்.

"பகல்தான. நீ பக்கத்துலதான இருக்க."

அந்த இரண்டு நிமிடமும் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. போன் வெளிச்சம் வந்ததால்தான் தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. பிறகு பக்கத்து வீட்டில் யாரோ குழல் ஊதுவது போல வந்தது. பிறகு எங்கள் வீட்டுக்குள். அவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்திருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன. பாதியில் விருட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் ஓடிப்போய் நிறுத்தினேன்.

முகம் கழுவிவிட்டு வந்தார். "இன்னொருக்க வை" என்றார்.

இரண்டாம் முறை கடைசிவரை உட்கார்ந்திருந்தார். மூன்றாம் முறை என்னை உள்ளே கட்டிலில் படுத்துக் கண்ணை மூடச் சொன்னார். "எப்பக் காதுல விழுதுன்னு சொல்லு." பாதி அளவு எனக்குப் போதவில்லை. கோட்டை முக்காலுக்கு நகர்த்தினார். நாலாம் முறை வைத்தபோது அதில் எனக்கு நன்றாகக் கேட்டது. அவருக்கும் நெற்றியில் வேர்த்ததே தவிர உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"சத்தம் பெருசுங்கறதுக்கு இல்ல" என்று அவராகவே சொன்னார். "வருதுன்னு தெரிஞ்சா தாங்கிக்கிடலாம். அன்னைக்குத் தெரியாமல்லா வந்துது." எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. அவர் என் முழங்கையைத் தொட்டார். "இது வலிச்சுதா?"

"அப்பவே சரியாப் போச்சு" என்றேன். முழுப்பொய் இல்லை.

மறுநாள் நாலேகாலுக்கு அது தொடங்கியபோது யார் முதலில் விழித்தோம் என்று தெரியவில்லை. நான் கண்ணைத் திறந்தபோது அவர் படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு மட்டும் கொஞ்சம் வேகமாக இருந்தது. நான் எழுந்துபோய் நிறுத்தினேன். "ம்" என்றார். அவ்வளவுதான். வேன் வந்தபோது நான் தெருமுனையில் நின்றிருந்தேன்.

அயர்ச்சி ஒரே நாளில் போய்விடவில்லை. எட்டு மாதத் தூக்கம் உடம்பில் பாக்கி நின்றது. முதல் புதன்கிழமை போன் வாயைத் திறக்கவில்லை. நான்தான் நாலேகாலுக்கு டக்கென்று விழித்தேன். அடுத்த புதனும் அப்படியே. மூன்றாம் புதன்கிழமைதான் விழித்தது ஏழேகாலுக்கு. எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் கட்டில் விளிம்பில் செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன். சில நாட்கள் அவருக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. எழுந்து வாசலில் போய் நிற்பார். நான் சமைத்துக்கொண்டே எட்டிப் பார்ப்பேன். சில நாட்கள் ஒன்றும் தெரியாமல் புரண்டு படுப்பார்.

ஆடிப்பூரத் தேருக்கு மில்லில் லீவு விட்டார்கள். அது புதன்கிழமை இல்லை. போனுக்குக் கிழமைதான் தெரியும், தேர் தெரியாது. முந்தின நாள் அதை நிறுத்தி வைக்க நான் மறந்தே போனேன். விடியற்காலையில் அந்தக் குழல் சத்தம் தூரத்தில் தொடங்கியதும் அரைத்தூக்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தேன். உடம்பு வரவில்லை. சத்தம் கால்வாசிகூட ஏறவில்லை, நின்றுவிட்டது. அலமாரிப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னைக்குத் தேருல்லா" என்றார். "படு."

நான் படுத்துக்கொண்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் பால் வாங்கப் போனார்.